பத்து இருபதும் பத்து இருபத்தாறும்

வார்டில் அவளைச் ‘சரிக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். யார் வேலையைத் தலையில் கட்டினாலும் சரி என்பாள். பத்தொன்பது வருடம் நோயாளிகளுக்குப் படுக்கை மாற்றிய உதவியாள், நாற்பத்திரண்டு வயதில் செவிலியர் தேர்வுக்கு விண்ணப்பித்திருந்தாள். கட்டணத்துக்கு அன்று மாலை ஐந்து மணியே கெடு. காலையில் கட்டிய பணம் கணக்கிலிருந்து போய்விட்டது. தேர்வு இணையதளமோ ‘கட்டணம் வரவில்லை’ என்றது.

மதியம் துணி அறையில் அவளுடைய நாத்தனார் வந்து நின்றாள். அதே மருத்துவமனையில் பில் கவுன்ட்டர் அவளுடையது.

“பேங்க்ல என்ன சொன்னாங்க அண்ணி?”

“கணக்குல பணம் பத்தல, அதான் போகலையாம்.”

“நீங்க?”

“சரின்னு வெச்சிட்டேன்.”

“நல்லா வெச்சீங்க! பணம் கட்டினதுக்கு எந்த நம்பரைச் சொன்னீங்க? போனைக் குடுங்க.”

போனில் பணம் அனுப்பிய பட்டியலில் மேலே இருந்ததைச் சொல்லியிருந்தாள். அது பத்து இருபத்தாறுக்கு, பதறிப்போய் இரண்டாம் முறை அழுத்தியது. முதல் தடவையே கணக்கு காலியாகிவிட்டதால் அது தோற்றது இயல்பு. உண்மையில் பணம் போனது பத்து இருபதுக்கு. அந்தக் குறுஞ்செய்தி விளம்பரங்களுக்கு அடியில் புதைந்து கிடந்தது.

துயரத்தைக் கேட்பவர் நம்ப வேண்டுமானால் அதற்கும் மணி, நிமிடக் கணக்கு தேவைப்படுகிறது. நாத்தனார் சொல்லச் சொல்ல, பழைய உணவு அட்டவணையின் பின்பக்கத்தில் அவள் எழுதினாள்: இரு நேரங்கள், தொகை, குறுஞ்செய்தியில் இருந்த பன்னிரண்டு இலக்க எண், விண்ணப்ப எண்.

“பேங்க் அட்டைக்குப் பின்னாடி இருக்கிற நம்பருக்கே போடுங்க. ரகசிய எண் கேட்டா போனை வெச்சிடுங்க. ‘சரி’ன்னு மட்டும் வெச்சிடாதீங்க.”

இருபது நிமிடம் வங்கியின் காத்திருப்பு இசையைக் கேட்டாள். காது சுட்டது.

“மேடம், போதிய இருப்பு இல்லாததால...”

“அது பத்து இருபத்தாறு. நான் கேக்குறது பத்து இருபது.” எண்ணை இரண்டிரண்டாகப் படித்தாள்.

விசைப்பலகைச் சத்தம். “ஆமா மேடம். பணம் தேர்வு அலுவலகக் கணக்குல சேர்ந்திருக்கு. எங்க பக்கம் முடிஞ்சுது. இதே நம்பரை அவங்ககிட்ட குடுங்க.”

“அப்ப என் புகாருக்கு ஒரு எண் குடுங்க.”

கொடுத்தார்கள். அதையும் எழுதினாள்.

தேர்வு அலுவலகத்தின் தொலைபேசி நான்கு முப்பத்தெட்டுவரை ஓயாமல் பிஸி. கிடைத்தபோது, இதை ஆயிரம் முறை கேட்டுச் சலித்த ஆண்குரல். அவன் “சரி, பிறகு...” என்று தொடங்குமுன் அவள் தாளைப் படித்து முடித்துவிட்டாள்.

“பணம் இருக்கு. விண்ணப்பத்தோட சேரல. இருங்க, லைன்ல இருங்க.”

நாத்தனார் ஒரு தலையணை உறையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

நான்கு ஐம்பத்திரண்டுக்குத் தேர்வுத் தளத்தின் பக்கம் மாறியது: கட்டணம் பெறப்பட்டது.

“அப்பாடா,” என்று நாத்தனார் உட்கார்ந்தாள். “என் கவுன்ட்டர்ல இந்நேரம் எத்தனை பேர் திட்டுறாங்களோ!”

சரிக்கா அந்த நேரத்தையும் தாளின் கடைசியில் குறித்துக்கொண்டு, ரசீதைப் பதிவிறக்கினாள்.