மச்சினன் ஊதிய பதினாலு

எட்டு வருஷமாகியும் வீட்டு மிக்சியைப் பார்த்தால் ஃபிட்டருக்கு வயிறு எரியும். குளிர்கிடங்கில் நடந்த புகைப்பழக்கத்தைக் கைவிடும் போட்டியில் அவர் அணிக்குக் கிடைத்த பரிசு அது. நாலு வாரம் யாரும் பற்றவைக்கவில்லை என்று தலைவராகக் கையெழுத்துப் போட்டவர், வாழ்நாளில் சிகரெட்டைத் தொடாத அவர்தான். பரிசு வாங்கிய அன்றே கழிப்பறைக்குப் பின்னால் மொத்த அணியும் புகைவிட்டுக்கொண்டு நின்றது. நடுவில் அவர் மனைவியின் தம்பி, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன்.

இந்த வருஷம் கம்பெனி மறுபடி ஆரம்பித்தது. ஒன்று, மூன்று, ஆறாம் மாதங்களில், புகைபிடிக்கவில்லை என்று கருவியில் ஊதிக் காட்டினால் பணம். மச்சினன் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தான்.

“இதுல என்ன தில்லுமுல்லு இருக்கு?” என்று கம்பெனி நர்ஸம்மாவிடம் கேட்டார் ஃபிட்டர்.

“போட்டி வெச்சா பின்னாடியும் சிகரெட்ட விட்டே இருப்பாங்கன்னு சொல்ல நல்ல ஆதாரம் இல்லைங்க. ஆனா காசு குடுத்துப் பார்த்த ஆய்வுகள்ல, சும்மா இருந்தா நூத்துக்கு ஏழு பேர் விட்டாங்கன்னா, காசு குடுத்தா பத்து பேர். காசு நின்ன பிறகும் அந்த வித்தியாசம் இருக்கு.”

“மிச்சம் தொண்ணூறு?”

“திரும்பப் பத்த வெச்சவங்கதான்.”

அந்தத் தொண்ணூறில் ஒருத்தன் தன் மச்சினன்தான் என்று ஃபிட்டர் முடிவுகட்டினார்.

முதல் இரண்டு சோதனையிலும் தேறியவன், ஆறாம் மாதம் ஊதியபோது கருவி பதினாலு காட்டியது. ஆறுக்குள் இருக்க வேண்டும்.

“சத்தியமா தொடல மாமா.”

“அன்னைக்கும் இதையேதான் சொன்ன, மாப்ள.”

கையும் களவுமாகப் பிடிக்கவென்று மறுநாள் மதியம் வரை கிடங்குக்குள்ளேயே பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். குளிர் வெளியே போகாமல் கதவைச் சாத்தியிருந்தார்கள். கேஸில் ஓடும் மச்சினனின் ஃபோர்க்லிஃப்ட் வண்டி போய் வந்துகொண்டிருந்தது. சிகரெட் வாடையே இல்லை. அவருக்குத்தான் தலை விண்விண்ணென்று வலித்தது. நிமிர்ந்து பார்த்தார். புகையை வெளியே தள்ளும் விசிறி சுற்றவில்லை. அதைச் சரிசெய்யச் சொன்ன சீட்டு பத்து நாளாக அவர் சட்டைப்பையிலேயே கிடந்தது.

நேரே நர்ஸம்மாவிடம் போய் ஊதினார். பதினொன்று.

“நீங்களும் ஆரம்பிச்சுட்டீங்களா?”

“விசிறிய நான் பாக்கல. அந்தக் கருவி வண்டிப் புகையையும் காட்டுமாம்மா?”

“கார்பன் மோனாக்சைடு எங்கிருந்து வந்தாலும் காட்டும்.” உடனே வேலையை நிறுத்தி எல்லோரையும் வெளியே வரச் சொன்னார் நர்ஸம்மா. பிறகு மச்சினனின் எச்சிலைச் சோதனைக்கு அனுப்பினார். நிகோட்டின் தடயம் இல்லை என்று வந்தது. கடைசித் தவணை கிடைத்தது.

விசிறியைச் சரிசெய்து மாட்டிவிட்டு இறங்கிய ஃபிட்டருக்கு அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஏணியைப் பிடித்திருந்தவன்தான் பேசினான்.

“இனிமே காசு இல்ல மாமா. இனிமேதான் எனக்குப் பயம். மாசம் ஒரு தடவ என்னைக் கூட்டிட்டுப் போய் ஊத வைங்க. என்னைத் துளிகூட நம்பாத ஆளு நீங்க ஒருத்தர்தான்.”