ஆர்யா வரைந்த கொடிவழி

இருபத்திரண்டு வருடமாக ஷியாமளா டீச்சர் அந்தக் கொடிவழிப் படத்தைக் கரும்பலகையில் போடுகிறாள். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்குச் சமக்குறி. பாறசாலை ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், மருந்துக்கடை மாடியில் நடக்கும் டுட்டோரியல் காலேஜ் அது. அங்கே சமூகவியல் முதல் வருடத்தில் உறவுமுறைப் பாடத்தை அவளைப் போல நடத்த ஆளில்லை. அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே உண்டு.

"அம்மைக்க கூடப்பிறந்தவ பிள்ளையும், அப்பனுக்க கூடப்பிறந்தவன் பிள்ளையும் நமக்கு அண்ணன் தங்கச்சி. மாமன் பிள்ளையும், அப்பனுக்க பெங்ஙளான அத்தைக்க பிள்ளையும் கெட்டிக்கிற முறை. ஒரே ரத்தம்தான், ஆனா கணக்கு வேற" என்பாள். அப்பன் வழி வம்சம், அம்மை வழி வம்சம் இரண்டையும் சொல்வாள். அம்மை வழிக் குடும்பங்களில் தாய்மாமன் வைத்ததுதான் சட்டமாக இருந்ததையும் சொல்வாள். அந்தக் கூட்டுக்குடும்பத்தைச் சட்டம் ஒழித்து ஐம்பது வருடம் ஆகப்போகிறது. மாமன் மட்டும் ஒழியவில்லை.

இந்த வருடம் அவள் கொடுத்த வேலை, கல்யாணத்தால் சேரும் இரண்டு குடும்பங்களை நாலு தலைமுறைக்கு வரைவது. கடைசியில், தகவல் தந்த பெரியவரின் கையெழுத்து வேண்டும். பிள்ளைகள் வீட்டில் கேட்காமல் கதை கட்டிவிடுகிறார்கள் என்று அவளே வைத்த விதி.

ஆர்யா தன் கல்யாணத்தையே வரைந்தாள். பத்தொன்பது வயது. வெள்ளறடை அஸ்வந்தும் அவளும் இரண்டு வருடமாக ஒருவரையொருவர் விரும்பியவர்கள். வீடுகள் சம்மதித்து, ஆவணியில் நாள் குறித்து, மண்டபமும் பேசியாகிவிட்டது. அவன் பக்கத்து விவரத்தை அவன் அம்மாவிடம் போனில் கேட்டு எழுதினாள். தன் பக்கத்தைச் சொன்னது தாய்மாமன் வேலாயுதன். அப்பா இறந்த பிறகு அம்மாவும் அவளும் இருப்பது அந்த மாமன் வீட்டில்தான்.

வெள்ளிக்கிழமை ஷியாமளா அந்தத் தாளை மேஜையில் விரித்தாள். அஸ்வந்தின் அம்மாவுக்கு அம்மா, அவளுக்கு அம்மா: வடக்கேவிளை காளியம்மை. ஆர்யாவின் பக்கமும் அதே வரிசையில் போய் அதே வட்டத்தில் முடிந்தது. வடக்கேவிளை காளியம்மை. கள்ளிக்காட்டில் அணை கட்டியபோது குடும்ப நிலம் தண்ணீருக்குள் போக, காளியம்மையின் மூத்த மகள் வெள்ளறடைப் பக்கம் ஒதுங்கினாள். இளையவள் இங்கே. அப்புறம் போக்குவரத்தே இல்லை; பேர் ஒன்றாக இருந்தும் ஆளும் ஒன்றுதான் என்று ஆர்யாவுக்குத் தோன்றவில்லை.

ஷியாமளா மறுபடியும் விரல் வைத்து எண்ணினாள். அக்காள் தங்கையின் மகள்கள் அக்காள் தங்கை. அவர்கள் பிள்ளைகள் அண்ணன் தங்கை. பாடம் அப்படித்தான் சொல்கிறது. தாளை மடித்துப் பையில் வைத்துவிடலாம் என்றுகூட நினைத்தாள். ஆனால் கீழே நீல மையில் கையெழுத்து இருந்தது: வேலாயுதன். அவர் பார்க்காமலா போட்டிருப்பார்?

திங்கட்கிழமை ஆர்யா வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. போன் அணைந்து கிடந்தது.

புதன்கிழமை பத்து மணிக்கு வேலாயுதன் வந்தார். தேய்த்த வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், முகத்தில் சிரிப்பு. பின்னால் ஆர்யா. கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"டீச்சரே, ஒரு உபகாரம் வேணும். இவ நம்ம சொல்லு கேக்க மாட்டா. டீச்சர் சொன்னா கேப்பா. அந்தப் பையன் இவளுக்கு அண்ணன் முறை ஆக்கும், அல்லவா?"

"வழக்கத்துல அண்ணன்தான்" என்றாள் ஷியாமளா. "ஆனா சட்டத்துல தடை இல்ல. அம்மை வழியில மூணு தலைமுறைக்குள்ளதான் ஆகாது. இது நாலாவது."

"சட்டம் திருவனந்தபுரத்துல இருக்கட்டு. நான் நேத்து அந்த வீட்டுக்குப் போயி, அவனுக்க அம்மைய அக்காண்ணு கூப்பிட்டுட்டு வந்தாச்சு. இனி சம்பந்தியாக்க முடியுமா?" சிரிப்பு மாறவில்லை. "போட்டும். எனக்க மகன் அனூப் உண்டு. மாமன் மகன் முறைதானே, டீச்சர் படிப்பிச்சதுதானே?"

அப்போதுதான் அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று அவளுக்கு உறைத்தது.

"அண்ணாச்சி, சட்டம் கேள்வி கேக்கிறது இந்த மாமன் மகன் கல்யாணத்தத்தான். கூடப்பிறந்தவங்க பிள்ளைகள். குடும்பத்துல வழக்கம் இருந்தா மட்டுந்தான் செல்லும்."

"வழக்கம் உண்டு. நான் கெட்டினதே முறைப்பெண்ணத்தான். நாளும் மண்டபமும் மாத்தல."

"பிள்ளைக்குச் சம்மதம் வேணும்" என்றாள் ஷியாமளா. கையில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். "நீ சொல்லு மக்கா. பயப்படாத. நான் இருக்கேன்."

வேலாயுதன் திரும்பி மருமகளைப் பார்த்தார்.

"எனக்குச் சம்மதமாக்கும் டீச்சர்" என்றாள் ஆர்யா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"கேட்டாச்சு இல்லியா?" என்றார் வேலாயுதன். "நாளைக்கு யாரும் கேட்டா, டீச்சர் சாட்சி."