மூடி திறந்தே இருக்கட்டும்

எனக்கு எழுபத்துமூன்று வயது. ஐந்து பேரை வளர்த்தேன். பெற்றது மூன்று; நாத்தனார் கண்ணை மூடிய பிறகு என்னிடம் வந்து சேர்ந்தது இரண்டு. பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு முடிந்துவிட்டது. ஆனாலும் தமிழ் படிப்பேன், எழுத்துக் கூட்டி, மெதுவாக. கன்னடம் பேசுவேன், படிக்க வராது. பஸ் பலகையில் எழுத்தின் வடிவத்தைப் பார்த்தே நாங்கள் இருக்கிற அல்சூரா, வேறு பேட்டையா என்று சொல்லிவிடுவேன். நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் இதைத் தட்டுகிறாள். அதனால் எழுதியது அவள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பேத்தியின் அம்மா, என் சின்ன மருமகள், இவள் பிறந்ததும் வேலையை விட்டவள். திரும்பப் போகலாம் என்று பார்த்தால் யாரும் கூப்பிடவில்லை. போன வருஷம்தான் ஒரு வாய்ப்பு வந்தது. ஒயர் இல்லாத இயர்போன் செய்கிற ஒரு வெளிநாட்டுக் கம்பெனி. அந்த இயர்போனை நடத்துவதற்குப் போனில் ஒரு ஆப் இருக்கிறதாம். எல்லாம் இங்கிலீஷில். அதைத் தமிழில் எழுத ஆள் வேண்டும். இவள் கொஞ்சம் எழுதிக் கொடுத்தாள். அந்தத் தமிழை மட்டும் படித்து, இங்கிலீஷ் தெரியாத ஒருவர் இயர்போனை ஓட்டிக் காட்டிவிட்டால் முழு வேலையும் இவளுக்கு. முடியாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும்.

"அத்தே, ஒரு உதவி. தப்பா எடுத்துக்காதீங்க," என்று வந்து நின்றாள்.

"இங்கிலீஷ் தெரியாத ஆள் வேணும், அதானே? ஊரெல்லாம் தேடிட்டுக் கடைசியில வீட்டுக்குள்ள வந்தியா?"

"தேடவே இல்ல அத்தே. மொதல்ல உங்க மொகந்தான் ஞாபகம் வந்துது."

"அது இன்னும் மோசம்," என்றேன். ஆனால் உள்ளூரச் சந்தோஷம்தான்.

நிபந்தனை இரண்டு. என்னுடைய போனில்தான் செய்ய வேண்டும். மருமகள் பக்கத்தில் உட்காரலாம், வாயைத் திறக்கக் கூடாது. சென்னை ஆபீசிலிருந்து ஒரு பெண் லேப்டாப் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். மருமகள் பேசக் கூடாது என்று ஒரு கம்பெனியே சட்டம் போட்டிருக்கிறது பார் என்று மகனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. அவனுக்குப் பயம்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். பட்டன் டப்பா மாதிரி ஒரு வெள்ளை டப்பா, உள்ளே இரண்டு இயர்போன். போனில் ஒவ்வொரு பக்கமாக எழுத்து வந்தது. 'மூடியைத் திறக்கவும். விளக்கு மினுங்கும் வரை பின்பக்கப் பொத்தானை அழுத்திப் பிடிக்கவும்.' எழுத்துக் கூட்டிப் படித்தேன். பிடித்தேன். விளக்கு மினுங்கியது. போனில் இயர்போனின் பேர் வந்தது, தொட்டேன். 'இணைந்தது' என்றது. மருமகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள், சட்டப்படி.

அடுத்து, காதில் மாட்டச் சொன்னது. மூன்று வட்டம். 'இரைச்சலைக் குறை', 'வெளிச் சத்தத்தைக் கேள்', 'இரண்டும் வேண்டாம்'. முதலாவதைத் தொட்டேன். மின்விசிறி நின்றுவிட்டதோ என்று மேலே பார்த்தேன், சுற்றிக்கொண்டுதான் இருந்தது. தெருவில் பஸ் உறுமுகிற சத்தமும் இல்லை. ஆனால் அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது, எங்கோ பக்கத்துத் தெருவில் அடிக்கிற மாதிரி மெலிசாகக் கேட்டது. இரண்டாவதைத் தொட்டேன். மின்விசிறி திரும்ப வந்தது. வாசலில் கீரைக்காரர் "சொப்பு, சொப்பு" என்று கூவுவது காதுக்குள்ளேயே கேட்டது.

"நில்லப்பா, பந்தெ!" என்று கன்னடத்தில் கத்திவிட்டேன், நில்லப்பா வருகிறேன் என்று.

லேப்டாப்பில் இருந்த பெண் துள்ளிவிட்டாள். "என்னாச்சும்மா?"

"கீரை. நீங்க நடத்துங்க," என்றேன். மருமகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கடைசிப் பக்கம் வந்தது. இயர்போனுக்குள் ஓடுகிற மென்பொருள் புதிதாக வந்திருக்கிறது, இரண்டையும் டப்பாவில் வைக்கவும் என்று நீளமாக எழுதியிருந்தது. கீழே 'இப்போது', 'பிறகு' என்று இரண்டு பொத்தான். எனக்கு எதையும் பிறகு என்று தள்ளிப் பழக்கமில்லை. இரண்டையும் டப்பாவில் வைத்தேன். 'இப்போது' தொட்டேன். ஒரு கோடு மெல்ல நீண்டது. நான் டப்பாவை மூடிவிட்டேன்.

மூடாமல் என்ன செய்வது? பாலை மூடுவோம், மாவை மூடுவோம். ஒரு வீட்டில் டப்பா திறந்து கிடந்தால் அது யாரோ அவசரத்தில் போன வீடு.

கோடு நின்றது. சிவப்பு எழுத்தில் வந்தது: 'புதுப்பித்தல் தோல்வி. மீண்டும் முயலவும்.'

மருமகளின் முகம் வெளுத்துப்போனது. வாய் மட்டும் திறக்கவில்லை. இத்தனை வருஷம் காத்திருந்த வேலை, என் கையால் போக வேண்டுமா? ஆனால் பயத்தைக் காட்டிக்கொள்ள எனக்கு வராது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"ஏம்மா நிறுத்திட்டீங்க?" என்றாள் அந்தப் பெண்.

"தோத்துட்டேன்னு சொல்லுது. எதுல தோத்தேன்னு சொல்ல மாட்டேங்குது. அப்புறம் மீண்டும் முயலவும்னா, எதை முயலறது?"

அவள் சிரித்தாள். ஏதோ எழுதிக்கொண்டாள். பிறகு, "முன்னாடி பக்கத்துக்குப் போங்கம்மா. கீழ வரைக்கும் தள்ளிப் பாருங்க," என்றாள்.

விரலால் தள்ளினேன். பொத்தான்களுக்கும் கீழே, ஒளிந்துகொண்டிருந்த மாதிரி ஒரு வரி மேலே வந்தது. 'முடியும் வரை மூடியைத் திறந்தே வைக்கவும்.'

"இங்க வந்து உக்காந்திருக்கே!" என்றேன்.

என் போனில் எழுத்தை மகன் பெரிதாக வைத்துக் கொடுத்திருக்கிறான். மருமகள் எழுதியதைத் தன் போனில்தான் பார்த்திருக்கிறாள். சின்ன எழுத்தில் எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கியிருக்கிறது. என்னுடையதில் அந்த வரி மட்டும் திரைக்கு வெளியே போய்விட்டது.

"இப்ப நான் பேசலாமா?" என்று மருமகள் கேட்டாள். பேசலாம் என்றாள் சென்னைப் பெண். மருமகள் உடனே சொன்னாள்: "மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க மேடம். மாத்திட்டு இவங்களே திரும்பப் பண்ணுவாங்க."

"பண்றீங்களாம்மா? இல்ல வேற ஆளை..." என்று அந்தப் பெண் என்னைக் கேட்டாள்.

"வேற ஆளா? நானே பண்ணுவேன்," என்றேன்.

மருமகள் சாப்பிடவில்லை. கீரையை ஆய்ந்துகொண்டே நான் பார்த்தேன்: ஒரு வரியை எழுதுவாள், வெட்டுவாள், என் போனை எடுத்து அளந்து பார்ப்பாள். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள், சொன்னால் பரீட்சை கெட்டுவிடும்.

மத்தியானம் புது ஆப் வந்தது. காலையில் செய்ததெல்லாம் திரும்பச் செய்தேன். கடைசிப் பக்கத்தில் முதல் வரியே இதுதான்: 'மூடியைத் திறந்து வையுங்கள்.' அடுத்து, 'இயர்போன் இரண்டும் டப்பாவில் இருக்கட்டும்.' பொத்தான் அதற்குக் கீழே. நீளப் பேச்சு ஒன்றும் இல்லை. 'இப்போது' தொட்டேன். கோடு நகர்ந்தது. நிதானமாக, மாடு நடக்கிற மாதிரி. டப்பா வாயைத் திறந்துகொண்டு முன்னால் இருக்கிறது. மேலே மின்விசிறியிலிருந்து தூசு விழுமே என்று என் கை அரித்தது. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டேன்.

'முடிந்தது' என்று வந்தது.

மருமகள் மேசைமேல் தலையை வைத்துக்கொண்டாள். சென்னைப் பெண், மீதியையும் நாளையிலிருந்து அனுப்புகிறேன் என்றாள். அந்தச் சிவப்பு எழுத்தையும் மருமகள் மாற்றிவிட்டாளாம். 'பாதியில் நின்றுவிட்டது. மூடி திறந்திருக்கிறதா பாருங்கள்' என்றுதான் இனி வரும். தோல்வி என்ற பேச்சே கிடையாது.

"இப்ப மூடலாமாடி?" என்றேன்.

"மூடுங்க அத்தே."

மூடினேன்.

இவ்வளவுதான். கண்ணு, தட்டினது போதும். எழுத்தைப் பெரிசாக்கிட்டு மொதல்ல இருந்து படி. அவசரப்படாத. உங்க அம்மா அடுப்படியில இருக்கா, அவளுக்கும் கேக்கற மாதிரி படி.