கிடாக்கன்றுக்கு இரண்டு கணக்கு

நான் சொல்லப்போகிற கன்றுக்கு முன் எங்கள் கட்டுத்தறியில் பிறந்த எருமைக் கிடாக்கன்று ஒன்றுகூடப் பிழைத்ததில்லை. நாங்கள் பிழைக்க விட்டதில்லை என்பதுதான் நிஜம். பெட்டைக்கன்று என்றால் இரண்டு காம்பு அதற்கு. கிடா என்றால் தாய் பால் சுரக்கிற வரைக்கும் வாயை வைத்துவிட்டு இழுத்துக் கட்டிவிடுவோம். ஒட்டி உலர்ந்து ஒருநாள் போய்ச் சேரும். எடப்பாடிப் பக்கம் இதை யாரும் பாவமென்று பேசுவதில்லை. எனக்கு மட்டும் மனசு ஒப்பாது.

அதனால்தான் ஒரு கிடா பிறந்த அன்று வீட்டுக்காரரிடம் சண்டை போட்டு, "இதையாச்சும் வளத்திப் பாக்கலாமுங்க" என்றேன். அவரும் "சரி, வளத்து" என்றார். எதற்கு என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மாட்டின் முன்னால் நின்று கறி என்ற சொல்லை எங்கள் ஊரில் வாயால் எடுக்கமாட்டோம். சந்தைக்கு ஓட்டிப்போகும்போதுகூட பேச்சு வேறெங்காவது இருக்கும்.

இது ஒன்று தேறிக் கறிக்கு விலைபோனால் இனிப் பிறக்கிற கிடாக்களுக்கும் வீட்டில் பால் கிடைக்கும். என் ஆசை அவ்வளவுதான். கால்நடை டாக்டர் சொன்னதைச் சொன்னபடி செய்தேன். பிறந்ததும் சீம்பால், இரண்டு வாரத்துக்குள் பூச்சி மருந்து, பிறகு மாதாமாதம். மூன்று மாதம் வரை பால், அதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். பால் குடிக்கும்போதே மக்காச்சோள மாவும் கடலைப் புண்ணாக்கும் தவிடும் கலந்து நக்கப் பழக்கினேன். அப்புறம் பசும்புல், சோளத்தட்டு, மாவு பிழிந்தபின் காயவைத்த மரவள்ளித் திப்பி. ஒன்றரை வயதில் கொடுத்துவிட வேண்டும், அதற்குமேல் தின்பது அத்தனையும் உடம்பில் ஒட்டாது என்றார் டாக்டர்.

ஒரு வயது வரை கன்று உருண்டு திரண்டு நின்றது. அதற்குப் பிறகுதான் எனக்கு மண்டை குழம்பியது. தீனி அதேதான், தின்பதிலும் குறையில்லை. ஆனால் விலா எலும்பு எட்டிப் பார்த்தது. மறுபடி பூச்சி மருந்து கொடுத்தேன். புண்ணாக்கைக் கூட்டினேன். கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டேன். டாக்டர் வந்து சாணியைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லைங்களேம்மா" என்றார். ஒன்றுமில்லாமல் எப்படி ஐயா இளைக்கும்? என் தீனியில் எனக்கே நம்பிக்கை போய்விட்டது.

வீட்டுக்காரருக்கும் ஏதோ குழப்பம் இருந்தது. "ஏம்புள்ள, இது ஏன் இப்பிடிச் சோம்பேறியா இருக்குது? தவிட்டைக் கொறையேன்" என்பார். இளைத்துப்போன கன்றுக்குத் தவிட்டைக் குறைக்கச் சொல்கிற மனுசனை என்னவென்று சொல்வது!

விடிந்ததும் நான் பால்கேனோடு சொசைட்டிக்குப் போனால், அவர் கன்றைத் தண்ணிக்கு ஓட்டிப்போவார். உடம்பெல்லாம் சேறோடு திரும்பும். எருமை சேற்றில் புரளாமல் வேறென்ன செய்யும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒன்றரை வயதில், நான் சொல்லியனுப்பிய மாட்டு வியாபாரி வந்தார். பார்க்க நன்றாக இருக்கட்டுமே என்று கன்றைத் தேய்த்துக் கழுவினேன். சேறு வழிந்தது. கழுத்தின் மேல் மயிர் உதிர்ந்து, தோல் வெளுத்துக் காய்த்துப்போயிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. வியாபாரி கொழுப்பு ஏறியிருக்கிறதா என்று வால்மூட்டைப் பிடித்துப் பார்த்தார், கழுத்தைத் தடவினார்.

"ஏனுங்கம்மா, ஏர்ல கட்டுனீங்களா?"

"நானெங்கீங்க கட்டுனேன்?" என்றேன். பின்னாலிருந்து வீட்டுக்காரர், "நான்தான்" என்றார். "டிராக்டர் எறங்காத சேத்து வயலுக்குன்னுதான வளத்தறோம்? பக்கத்து ஊட்டுக் கிடாவோட சோடி போட்டுப் பழக்கறேன்."

அடக் கடவுளே! நான் தின்னக் கொடுத்ததையெல்லாம் அவர் வயலில் கரைத்திருக்கிறார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"உழவுக்குன்னாலும் ரெண்டரை வயசு தாண்டோணுமுங்க. அதுக்குள்ள தோள் முத்தாது," என்றார் வியாபாரி. "இப்ப இது அதுக்கும் ஆகாது, இதுக்கும் ஆகாது. ஏர்ல பூட்டாம நாலஞ்சு மாசம் நல்லாத் தீனி போடுங்க. வாரேன்."

அன்று முழுக்கக் கன்று என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு அசைபோட்டது. இனி இந்த வீட்டில் எந்தக் கிடாவுக்கும் பால் கிடையாது என்றுதான் நினைத்தேன்.

அந்த வாரமே இன்னொரு எருமை ஈன்றது. சொசைட்டியிலிருந்து திரும்பினால், வீட்டுக்காரர் கட்டுத்தறியில் குந்தியிருக்கிறார். ஈரம் காயாத கன்றைத் தாங்கிப் பிடித்துக் காம்பை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். கிடாதான். சீம்பால் கடைவாயில் நுரைத்து வழிந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இந்தவாட்டி இப்பவே சொல்லிப்போடு சாமி. இது எதுக்கு?"

கன்று சப்புக்கொட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. அதன் காதில் விழவேண்டாமென்று, வாசலுக்கு வரச்சொல்லி அவருக்குக் கையைக் காட்டினேன்.