நாற்பத்திரண்டு கார்டுகளின் சூப்பர்வைசர்

கலையரசனின் மச்சினன் கருங்குழியில் யாரோ சொல்லக் கேட்டானாம். அவன் கலையரசனிடம் சொல்ல, கலையரசன் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு எதிரே டீ கிளாஸோடு அதைத் தன் கூட்டாளி செங்கல்வராயனிடம் சொன்னான். கலையரசனுக்கு அது சிரிப்பாக இருந்தது.

“மச்சான், நாளைக்கு சிங்கப்பெருமாள் கோயிலாண்ட அந்த ஃபேக்டரிக்குத்தானே இன்டர்வியூவுக்குப் போற? அங்க புதுசா ஒரு செக்யூரிட்டி ஆபீசர் வந்துகிறாராம். மிலிட்டரி ஆளு. ரெஸ்யூம்ல இன்னா போட்டாலும் நம்ப மாட்டாராம். பழைய மேனேஜருக்கும் போன் பண்ண மாட்டாராம்.”

“பின்ன?”

“நம்ம கீழ வேலை செஞ்ச செக்யூரிட்டி கார்டுக்குப் போன் போடுவாராம். நம்ம எதிர்லயே, ஸ்பீக்கர்ல. அச்சரப்பாக்கத்துக்காரர் ஒருத்தர் போனாராம். ‘உங்க சூப்பர்வைசர் எப்படிப்பா?’ன்னு கேட்டா, ‘அந்தாளா? எங்களுக்கு வந்த புது ரெயின்கோட்டெல்லாம் அவரு வூட்டுக் கொடியிலதான் சார் காயுது’ன்னுட்டானாம் கார்டு.”

கலையரசன் விழுந்து விழுந்து சிரித்தான். செங்கல்வராயனும் பல்லைக் காட்டிவைத்தார். ரெஸ்யூமை அனுப்பி நான்கு நாளாகிறது. விட்ட அம்பு.

அவர் செய்யூர்ப் பக்கத்துக்காரர். வாலிபத்தில் சவுக்குக்கட்டை லோடு ஏற்றித் தோள் காய்த்துப்போனவர். முதுகு பிடித்துக்கொண்ட ஒரு வருஷம், மாமல்லபுரம் பக்கம் கடற்கரை விடுதி ஒன்றில் கேட்டில் நிற்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஏஜென்சியில் பேர் கொடுத்தார். நீலச் சட்டை, ஒரு விசில், ஒரு லத்தி. நிற்பதற்குக்கூடச் சம்பளமா என்று முதல் மாதம் ஆச்சரியப்பட்டார். நிற்பதுதான் கஷ்டம் என்பது இரண்டாம் மாதம் முட்டி சொல்லித் தெரிந்தது. கார்டிலிருந்து ஹெட் கார்டு, ஹெட் கார்டிலிருந்து சூப்பர்வைசர் என்று ஏறி, அதே விடுதியில் ஆறு வருஷம் ஷிப்டு போட்டார். போன சித்திரையில் ஏஜென்சி அந்தக் கான்ட்ராக்டை இழந்தது. புதிதாக வந்தவர்கள் தங்கள் சூப்பர்வைசரோடு வந்தார்கள். அன்றிலிருந்து அவர் வீட்டில். மனைவி ஜோதிலட்சுமி காலையில் எக்ஸ்போர்ட் கம்பெனி பஸ் ஏறிப் போவதை வாசலில் நின்று பார்ப்பது, நாற்பத்தேழு வயதில் அவருடைய டூட்டி ஆகிவிட்டது.

“கார்டாவே திரும்பப் போனா இன்னா?” என்று ஜோதிலட்சுமி ஒருமுறை கேட்டாள். அவர் காலைத் தூக்கிக் காட்டினார். முட்டி பனங்காய்போல் வீங்கியிருந்தது. சூப்பர்வைசர் வேலை கிடைத்தால் பிழைப்பு. கிடைக்காவிட்டால் அந்த முட்டியோடு எங்காவது ஏ.டி.எம். வாசல்.

ரெஸ்யூம் அடித்துக் கொடுத்தவள் பிரவுசிங் சென்டர் ஜெனிஃபர். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே கேட்டாள்.

“கார்டு எத்தினி பேர்ணா?”

“நாப்பத்திரெண்டு.”

“ஷிப்டு?”

“மூணு. போஸ்ட்டு பதினாலு.”

“இன்சிடென்ட்டு?”

“அப்படின்னா?”

“திருட்டு, சண்டை, அடிபட்டது, அந்த மாதிரி. ரிப்போர்ட்டு எழுதியிருக்கீங்களா?”

அவர் யோசித்தார். ரிப்போர்ட் என்று காகிதத்தில் ஒன்றும் போனதில்லை. “பெருசா எதுவும் எழுதல.”

“அப்ப ஜீரோன்னு போட்டுடறேன். எல்லா சூப்பர்வைசரும் அதான்ணா போடறாங்க, பாக்க நல்லாக்கீது.” தட்டினாள். ஆறு வருடத்தில் அசம்பாவிதம்: பூஜ்யம். அடுத்த வரி: கார்டுகளுக்குத் தளத்திலேயே பயிற்சி அளித்தவர். அது அவரே சொன்னது. அந்த வரி மட்டும் படிக்கப் படிக்கப் பெருமையாக இருந்தது.

டீக்கடையிலிருந்து நேரே வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, பழைய சைட்டில் கேட் பார்த்த மணிக்குப் போன் போட்டார்.

“டேய் மணி, நாளைக்கு ஒரு போன் வரும். நம்மள பத்திக் கேட்டா நல்லவிதமா சொல்லுடா.”

“இன்னா சார் இப்படிக் கேக்கிற? நீ தெய்வம்னு சொல்றேன். பிரியாணி உண்டுல்ல?”

“தெய்வம்லாம் வாணாண்டா. நல்ல மனுசன்னு சொல்லு, போதும்.”

போனை வைத்த பிறகும் பயம் போகவில்லை. கான்டாக்ட் பட்டியலை விரலால் மேலே தள்ளிக்கொண்டே வந்தார். ‘பீச் சின்னராசு’ என்ற பெயர் வந்ததும் விரல் தீயைத் தொட்டதுபோல் விலகியது.

மறுநாள் ஃபேக்டரி கேட்டில் விசிட்டர் ஸ்லிப் எழுதிக்கொடுத்து உள்ளே போனார். ஆபீசர் தமிழ்வாணன் ஒல்லியான மனிதர். நரைத்த மீசை. அதட்டுவார் என்று பார்த்தால் மெதுவாகப் பேசினார். அது இன்னும் பயமாக இருந்தது.

“உக்காருங்க. பதினாலு போஸ்ட்டு, மூணு ஷிப்டு. பதினாலு மூணு நாப்பத்திரெண்டு. கணக்கு அழகா வருது.”

“ஆமா சார்.”

“நாப்பத்திரெண்டு பேரும் தினம் வந்தாத்தான் வரும். வாரத்துல ஒரு நாள் லீவு எடுத்தா அந்த இடத்துல யாரு நின்னாங்க? ரிலீவர் ஏழு பேராவது வேணுமே, அதைக் காணோமே?”

நாற்பத்திரண்டு என்பது ஏஜென்சி பில்லில் இருந்த எண். வருகிறவர்கள் முப்பதுதான். மீதிக்கு இருக்கிறவனையே நிறுத்தி டபுள் டூட்டி. அத்தனை வருஷம் நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு என்று கேட்டுக் கேட்டு, எழுதும்போது அது பொய்யென்றே தோன்றவில்லை செங்கல்வராயனுக்கு.

“அட்ஜஸ்ட் பண்ணிப்போம் சார்” என்றார்.

தமிழ்வாணன் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டார். “சரி. பயிற்சி குடுத்தேன்னு போட்டிருக்கீங்க. எப்படிக் குடுத்தீங்க?”

இதற்குப் பயமில்லை. நாற்காலி நுனியிலிருந்து அவர் கொஞ்சம் உள்ளே நகர்ந்து உட்கார்ந்தார். “ஷிப்டு மாறும்போது ரோல்கால்ல கால் மணி நேரம் சார். ஒரு நாளைக்கு ஒண்ணுதான். இன்னிக்குத் தீயணைப்பு சிலிண்டர்னா, பின்னைப் புடுங்கறது, நெருப்போட அடியப் பாத்து அடிக்கிறது. அவனவன் கையில குடுத்துதான் சொல்லுவேன். பீச் போஸ்ட்டுக்காரனுக்கு மிதவை வளையம். முழுவுறவன் தலையப் பாத்துப் போடக்கூடாது சார். அவனைத் தாண்டிப் போடணும். அப்பத்தான் இழுக்கறச்ச கயிறு அவன் கைக்கு வரும்.”

தமிழ்வாணன் நிமிர்ந்து பார்த்தார். முதல்முறையாக மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு. “இது தெரிஞ்சவன் சொல்றது.”

அந்தச் சிரிப்புதான் செங்கல்வராயனைக் கவிழ்த்தது. பயந்தவனுக்கு ஒரு வாய் மோர் கிடைத்ததுபோல் ஆகிவிட்டது. பேச்சு தானாக வந்தது.

“நம்ம பையன் ஒருத்தன் கீறான் சார், சின்னராசுன்னு. அவனுக்கு நீச்சலே தெரியாது. பெங்களூர் கெஸ்ட்டு ஒருத்தர அலை இழுத்துகினு போச்சு. நான் சொன்ன மாதிரியே தாண்டிப் போட்டான் சார், ஒரே வீச்சு! அந்த மனுசன் வளையத்தக் கட்டிகினு கரைக்கு வந்தாரு. அழுதாரு சார்.”

“எப்ப?”

“ரெண்டு வருசம் இருக்கும்.”

தமிழ்வாணன் பென்சில் முனையை ரெஸ்யூமின் ஒரு வரியில் வைத்தார். அழுத்தவில்லை, வைத்தார். “இங்க பூஜ்யம்னு போட்டிருக்கே.”

ஏ.சி.யின் இரைச்சல் திடீரென்று பெரிதாகக் கேட்டது.

“ஒரு ஆளு முழுவப் போயி காப்பாத்தினது அசம்பாவிதம் இல்லியா? நேரம், இடம், யாரு, என்ன நடவடிக்கைன்னு ரிப்போர்ட்டு இருக்கணுமே. அந்தப் பையனுக்கே அது மெடல் ஆச்சே.”

“எழுத வேணாம்னாங்க சார். விடுதி பேரு கெட்டுடும்னு.”

“யாரு?”

“ஏஜென்சியில.”

“வேற என்னென்ன எழுதல?”

செங்கல்வராயன் மேஜைக்கடியில் தன் இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டார். இல்லை என்று சொல்லலாம். ஆனால் சின்னராசு என்ற பெயர் ஏற்கெனவே வாயிலிருந்து விழுந்துவிட்டது. இவர் கார்டுகளுக்குப் போன் போடுகிறவர். இல்லை என்று சொன்னபின் அவன் உண்டு என்று சொன்னால்?

“அதே பையன் சார். ஆள் இல்லன்னு அவனத் தொடர்ந்து நிக்கவெச்சேன். காலை ஷிப்டு, மதியம், அப்புறம் ராத்திரியும். மறுநாள் வெயில்ல மயங்கி, கருங்கல் படியில உழுந்துட்டான். மணிக்கட்டு ஒடஞ்சிடுச்சு.”

“ரிப்போர்ட்டு?”

“இல்ல.”

“டூட்டியில அடிபட்டா இ.எஸ்.ஐ.க்கு விபத்து ரிப்போர்ட்டு போகணும். அது போகலன்னா பையனுக்கு ஒண்ணும் வராது. தெரியுமா?”

தெரியும். சின்னராசு கட்டுப்போட்ட கையோடு எத்தனையோ முறை போன் செய்தான். ‘ஒரு பேப்பர்தான் சார், நீங்க எழுதிக் குடுத்தாப் போதும்’ என்று முதல் முறை சொன்னான். பிறகு வந்த எந்த அழைப்பையும் செங்கல்வராயன் எடுக்கவில்லை. போன் சட்டைப்பையில் துடித்துத் துடித்துத் தானே ஓய்ந்துபோகும். ஒரு கட்டத்தில் அவன் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். அது அன்று நிம்மதியாகக்கூட இருந்தது.

தமிழ்வாணன் ரெஸ்யூமை முதல் வரியிலிருந்து திரும்பப் படித்தார். ரெஸ்யூமை மடித்து எடுத்துப் போ என்று சொல்லிவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது செங்கல்வராயனுக்கு.

“எனக்கு இங்க மூணு ஷிப்டுக்கு ஆள் வேணும்” என்றார் கடைசியில். “பயிற்சி குடுக்கத் தெரிஞ்ச ஆளு. அது உங்களுக்குத் தெரியுது. மத்தத அந்தப் பையன்தான் சொல்லணும். போன் போடுங்க.”

“சார், மணின்னு ஒருத்தன் கீறான். என்கூட நாலு வருசம்...”

“மணிக்கு நீங்க நேத்தே போட்டிருப்பீங்க.”

செங்கல்வராயனின் காது மடல்கள் சுட்டன.

“உங்க போன்லேர்ந்தே போடுங்க. ஸ்பீக்கர்ல. ரெஸ்யூமப் பத்தி நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். இவர் கீழ திரும்ப நிப்பியாப்பான்னு ஒரே ஒரு கேள்விதான்.”

அவர் போனை எடுத்தார். வியர்வையில் திரை வழுக்கியது. பீச் சின்னராசு. தொட்டு, ஸ்பீக்கரைப் போட்டு, மேஜையில் ரெஸ்யூமின் மேலேயே வைத்தார்.

போனில் மணி அடித்தது.

அவன் இப்போது எங்கே இருப்பான்? அந்தக் கையால் என்ன வேலை செய்வான்? திரையில் இவர் பெயரைப் பார்ப்பானே, பார்த்துக்கொண்டே இருப்பானோ? எடுத்துத் திட்டினால் வேலை போய்விடும். எடுக்காவிட்டால்? எடுடா என்று வேண்டுவதா, எடுக்காதே என்று வேண்டுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

தமிழ்வாணன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார். வெளியே ஷிப்டு மாறும் சங்கு ஊதியது. கேட்டில் யாரோ ரோல்காலுக்குப் பெயர் கூப்பிட, கார்டுகள் ஒவ்வொருவராக ‘சார்’, ‘சார்’ என்று குரல் கொடுத்தார்கள்.

மேஜைமேல் மணி அடித்துக்கொண்டே இருந்தது.