பன்னிரண்டு புட்டிக் கீரை

பழனியாண்டி, கரும்பு விளைகிற தீவொன்றில் ட்ரியோலே என்ற ஊர்க்காரன். அப்பன் கரும்பு வெட்டினார், அம்மா கரும்புக்குக் களை எடுத்தாள். இவன் மட்டும் பள்ளிக்கூடத்தில் கணக்கில் கெட்டியாக இருந்ததால் வானிலைக் கூடத்தில் ஏவலாளாகச் சேர்ந்து, பத்து வருடத்தில் அளவீட்டாளனாக உயர்ந்தான். உயர்ந்தவனைக் கொண்டுபோய் எங்கே வைத்தார்கள்? வடக்கே நடுக்கடலில், சென் பிராந்தோன் என்கிற மணல் திட்டில். பவளப்பாறை, தென்னை, மீனவர் குடிசைகள், ஒரு கான்கிரீட் அறை. நிலத்தில் எதை விதைத்தாலும் உப்பு தின்றுவிடும். கப்பல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். அரிசி, பருப்பு, கருவாடு, கடிதம் எல்லாம் அதில்தான்.

அந்த ஆண்டு, 1957, அவனுக்கு முப்பத்தொரு வயது. கல்யாணமாகி நாலு வருடம். மனைவி கோவிந்தம்மா. இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. இரண்டாவது போன பிறகு அவளுக்கு ரத்தமே இல்லை என்றார் டாக்டர். திட்டில் குடும்பத்தோடு இருக்க அளவீட்டாளனுக்குத் துறை அனுமதி கொடுக்கும். ஆனால் டாக்டர் கையெழுத்து வேண்டும். அந்த மனிதரோ ஒரே பிடியாக நின்றார். “மீனையும் பருப்பையும் மட்டும் தின்று இவள் எப்படித் தேறுவாள்? அங்கே பச்சைக் கீரை கிடைக்கும் என்று எனக்குக் காட்டட்டும், கையெழுத்துப் போடுகிறேன்.”

பச்சைக் கீரை! சுற்றிலும் உப்புத் தண்ணீர், காலடியில் சுண்ணாம்பு மணல். டாக்டர் இதைத் தெரிந்துதான் சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ, பழனியாண்டி அதைப் பிடித்துக்கொண்டான்.

விவசாய ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு ஒரு சிநேகிதன், ஜான்-க்ளோட். மண்ணே இல்லாமல், உரம் கரைத்த தண்ணீரில் அங்கே செடி வளர்த்துப் பார்ப்பார்கள். அவன் பன்னிரண்டு அகன்ற வாய்க் கண்ணாடிப் புட்டிகளும், லெட்டூஸ் என்கிற சலாத்துக் கீரை விதையும், பொட்டலம் பொட்டலமாக உர உப்புகளும் கொடுத்தனுப்பினான். ஒரு சீட்டும் வைத்திருந்தான். சுண்ண நைட்ரேட் பொட்டலத்தையும் மற்ற உப்புகளையும் கெட்டியாக ஒன்றாகக் கலக்காதே. கலந்தால் வெள்ளையாக அடியில் படிந்துவிடும், செடிக்குக் கிடைக்காது. ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறையத் தண்ணீரில் கரைத்து, பிறகு சேர். இரும்பு உப்பு ஒரு சிட்டிகைதான். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், அதில் உப்பு இருக்கிறது. மழைத் தொட்டித் தண்ணீர் மட்டும். அவ்வளவுதான் எழுதியிருந்தான். மீதி எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டான் மகராசன்.

அக்டோபரில் மணலும் தென்னைநாருமாக ஒரு தட்டில் விதை போட்டு, நாற்று நாலு இலை விட்டதும் புட்டிக்கு மாற்றினான். தக்கையில் துளை போட்டு, நாரைச் சுற்றி, வேர் தண்ணீரில் தொடும்படி நட்டு, தந்தி அனுப்புகிற கம்பி அறையின் கிழக்குத் தாழ்வாரத்தில் வரிசையாக வைத்தான். காலை வெயில் விழும், உச்சி வெயில் விழாது. பார்க்க அவ்வளவு அழகு. கண்ணாடி வழியாக வெள்ளை வேர் தெரியும். தினமும் குனிந்து குனிந்து பார்ப்பான்.

பத்தே நாளில் தண்ணீர் பச்சையாகிவிட்டது. கண்ணாடியின் உட்புறமெல்லாம் வழவழவென்று பாசி. வேர் பழுப்பாகிக் கூழாயிற்று. செடிக்கு ஊற்றிய உரத்தைப் பாசி சாப்பிட்டுக் கொழுத்தது, செடி பட்டினி கிடந்தது.

கம்பி அனுப்புகிற க்ளெமான்தான் திட்டில் அவனுக்கு ஒரே துணை. ரிவியேர் டு ராம்பார் என்ற ஊர்க்காரன், வாய் ஓயாதவன். இருவரும் பேசுவது தீவு மொழியான கிரியோலில்தான். “கீரை வரலையேன்னு ஏன் வருத்தப்படுறே? இந்தப் பச்சையையே வழிச்சு எண்ணெயில வதக்கிப் போடு. டாக்டர் பச்சைன்னுதானே கேட்டாரு,” என்றான்.

பழனியாண்டிக்குக் கோபம் வந்தது. கோபத்தில்தான் புத்தியும் வந்தது. வெளிச்சம் இலைக்கு வேண்டும், தண்ணீருக்கு வேண்டாம். உரமும் வெளிச்சமும் ஒன்றாகச் சேர்கிற இடத்தில் பாசி குடியேறும். கிழிந்த குடைத் துணியை வெட்டி ஒவ்வொரு புட்டிக்கும் கறுப்புச் சட்டை தைத்தான். கறுப்பு வெயிலில் சூடேறும் என்று அதன் மேல் பழைய வானிலைப் படிவங்களை வெள்ளையாகச் சுற்றினான். புட்டிகளைக் கொதிநீரில் கழுவி மறுபடி நட்டான்.

இந்த முறை பாசி இல்லை. ஆனாலும் நாலாவது வாரம் செடிகள் வாடின. தண்ணீர் தளும்பத் தளும்ப நிற்கிறது, செடி தாகத்தில் தலை தொங்குகிறது. இது என்ன அநியாயம் என்று நொந்துபோனான். ஜனவரிக் கப்பலில் வந்த அதிகாரி அலான் வாடிய வரிசையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சிரித்தாலும் நல்ல மனுஷர். “அடுத்த தடவை பாக்கலாம், பழனியாண்டி,” என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்தக் கப்பலில் வந்த கோவிந்தம்மாவின் கடிதத்தை அவன் மூன்று நாள் பிரிக்கவில்லை. என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் பிரித்து என்ன பயன்?

எண்ணிப் பார்த்தால் புட்டிகள் பதினொன்றுதான் இருந்தன. பன்னிரண்டாவது எங்கே?

“நான்தான் எடுத்தேன்,” என்றான் க்ளெமான். “என் ஜன்னல்ல வெச்சிருக்கேன். ஒரு செடி பக்கத்துல இருந்தா நல்லா இருந்துச்சு. கள்ளன்னு எழுதிக்கோ.”

போய்ப் பார்த்தால், அந்த ஒன்று மட்டும் கொழுகொழுவென்று நிற்கிறது.

“இதுக்கு என்ன பண்ணினே?”

“ஒண்ணும் பண்ணலை. தண்ணிகூட ஊத்தலை. மறந்துட்டேன்.”

புட்டியின் சட்டையைக் கழற்றிப் பார்த்தான் பழனியாண்டி. தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. கீழ் வேர் தண்ணீரில் நீண்டு கிடந்தது. மேலே, காலியான இடத்தில், குட்டை வேர்கள் பூனைமயிர் போலக் காற்றில் சிலிர்த்து நின்றன. ஆக, வேர் குடிக்கவும் வேண்டும், மூச்சு விடவும் வேண்டும். தன் பங்குக்கு அவன் செய்தது என்ன? ஈரத்தை அளக்கிற வெப்பமானியின் துணித்திரி நனைந்திருக்க, அதன் கிண்ணத்தைத் தினமும் காலையில் விளிம்பு வரை நிரப்ப வேண்டும். பத்து வருடப் பழக்கம். அதே கையோடு பதினொரு புட்டிகளையும் தினமும் கழுத்து வரை நிரப்பியிருக்கிறான். மூச்சு விட வந்த வேரையெல்லாம் ஒவ்வொரு காலையிலும் முக்கிக் கொன்றிருக்கிறான். தலையில் அடித்துக்கொண்டான்.

மூன்றாவது தடவை நட்டபோது ஒருமுறை ஊற்றியதோடு சரி. காலையில் கை பரபரக்கும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தாழ்வாரத்தைக் கடந்து போவான். ஒரு சமயம் புதிய இலைகள் மட்டும் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. இரும்புப் பொட்டலத்தை விட்டுவிட்டோம் என்று புரிந்து ஒரு சிட்டிகை கரைத்துச் சேர்த்தான். அடுத்து வந்த இலை பச்சையாக வந்தது. மார்ச் கடைசியில் பன்னிரண்டு புட்டியிலும் சலாத்து விரிந்து நின்றது. க்ளெமான் உடனே அதை அலானுக்குக் கம்பியில் தட்டிவிட்டான். மீனவர்கள் குடிசையிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு கிழவர் தொட்டுப் பார்க்க அனுமதி கேட்டார்.

சில நாள் கழித்து ஒரு காலை, வந்துகொண்டிருந்த கப்பலிலிருந்து கம்பிச் செய்தி வந்தது. க்ளெமான் காதில் கருவியோடு எழுதினான், எழுதி முடித்ததும் தாளை நீட்டினான். அலான் அனுப்பியது: உன் மனைவி கப்பலில் இருக்கிறாள். டாக்டரும் உடன் வருகிறார். கீரையைக் கண்ணால் பார்த்தால் அங்கேயே கையெழுத்து. நாளை விடியற்காலை வந்து சேர்வோம்.

பழனியாண்டி கட்டிலுக்கு விரிப்பு மாற்றினான். அறையைக் கூட்டினான், மறுபடி கூட்டினான். அவள் எந்தப் பக்கம் படுப்பாள் என்று யோசித்து நின்றான். ஐந்து மாதமாக அவள் குரலை நினைவுபடுத்திப் பார்த்தால் குரல் வருவதில்லை, சிரிப்பு மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. அன்று குரலும் வந்தது.

பத்து மணிக்கு அளவெடுக்கப் போனான். இந்தக் கடலில் காலை பத்து மணிக்குக் காற்றழுத்தம் ஏறி நிற்கும். இது ஏவலாளாக இருந்த காலத்திலேயே அவனுக்குத் தெரியும். அன்று இறங்கியிருந்தது. காற்றழுத்தமானியின் கண்ணாடியைத் தட்டிவிட்டு மறுபடி படித்தான். இன்னும் ஒரு முறை படித்தான். வடகிழக்கிலிருந்து நீளமான அலை, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நிறைய இடம் விட்டு, பாறைமேல் நிதானமாக வந்து விழுந்துகொண்டிருந்தது. உயரத்தில் மேகம் நார்நாராக ஓடியது. புயல் வருகிறது.

க்ளெமான் எண்களைப் பார்த்தான். “பழனியாண்டி, இதை அனுப்பினா கப்பல் திரும்பிடும்.”

“தெரியும்.”

“அடுத்த கணக்கு ஒரு மணிக்கு. அதுவரைக்கும் பாக்கலாமா? ஏறினாலும் ஏறும்.”

ஒரு கணம், ஒரே ஒரு கணம், பழனியாண்டியும் அப்படித்தான் நினைத்தான். நினைத்ததற்காகப் பிறகு பல வருடம் வெட்கப்பட்டான். இங்கே துறைமுகமா இருக்கிறது? கப்பல் வெளியே நிற்க வேண்டும், சின்னப் படகில்தான் இறக்குவார்கள். அந்த அலையில், அந்தப் படகில், ரத்தமில்லாத அவளை.

“அனுப்பு,” என்றான். “இப்பவே அனுப்பு.”

கருவி தட்டத் தொடங்கியது. அரை மணி கழித்துக் கப்பலின் பதில்: திரும்புகிறோம். பழனியாண்டி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். அழவில்லை. அழுகை வந்திருந்தால் தேவலை.

கருவி மறுபடி தட்டியது. க்ளெமான் கையால் சைகை காட்டினான். “உனக்கு. உன் பொண்டாட்டி கேக்குறா. கப்பல் கம்பிக்காரன் பக்கத்துல உக்காந்திருக்காளாம்.”

பிரெஞ்சில் ஒரே வரி. கீரை எப்படி இருக்கிறது?

பழனியாண்டி எழுந்து தாழ்வாரத்துக்குப் போனான். காற்று ஏறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு புட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு வந்தான். “நல்லா இருக்குன்னு சொல்லு. ரொம்ப நல்லா இருக்குன்னு. ஒவ்வொண்ணும் என் ரெண்டு உள்ளங்கை விரிச்ச அளவு இருக்குன்னு சொல்லு.”

க்ளெமான் தட்டினான். பிறகு பதில் மெல்லிதாக வந்தது. காதை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதினான்.

அடுத்த கப்பல் வரைக்கும் நிற்குமா?

வெயில் காலத்துச் சலாத்து அது. இன்னும் பத்து நாளில் தண்டு நீண்டு, பால் பிடித்து, கசந்துவிடும். அடுத்த கப்பல் எந்த மாதமோ. நிற்கும் என்று சொல்ல வாய் வந்தது. அன்றைக்கு ஒரு பொய்யை அடக்கியாயிற்று, இன்னொன்றையும் அடக்கினான். “நிக்காதுன்னு சொல்லு,” என்றான்.

கடைசியாக வந்த வரியைப் பாதிக்கு மேல் இரைச்சல் தின்றுவிட்டது. கிடைத்த சொற்களை க்ளெமான் கோத்து வாசித்தான். “நீங்க சாப்பிடுங்க. எனக்காகச் சாப்பிடுங்க.”

புயல் வருவதற்குள் இருவரும் செடிகளை அறுத்துக் கழுவி, உப்பும் எண்ணெயும் போட்டுப் பிசறினார்கள். கிழவருக்கு ஒரு தட்டு அனுப்பினார்கள். பழனியாண்டி தன் பங்கை ஒவ்வொரு இலையாக, மென்று மென்று, கடைசி இலை வரைக்கும் சாப்பிட்டான். அவள் சொல்லியிருந்தாள் அல்லவா.