மேலாளர் கழித்த மானிட்டர்

மங்கலாகத் தெரிகிறதென்று மேலாளர் கழித்துக்கட்டிய மானிட்டரை, கட்டட பிளான் வரையும் அக்காவின் தலையில் கட்டினார்கள். பதினெட்டு வருடமாக அவளுக்கு அந்த அலுவலகத்தில் வாய்த்ததெல்லாம் அடுத்தவர் கழித்ததுதான்.

வட்டம் வரைந்தால் முட்டையாகத் தெரிந்தது. மானிட்டர் தன்னைப் பற்றிக் கணினிக்குத் தப்பான தகவல் சொன்னதால், அதன் சொந்த ரெசல்யூஷனான, அதாவது திரையின் புள்ளிக் கணக்கான 1920x1080, கணினி காட்டிய பட்டியலிலேயே இல்லை. அக்கா அதைத் தன் கணினியில் தானே சேர்த்தாள். கோடுகள் பளிச்சென்று தெளிந்தன, வட்டம் வட்டமானது.

மேலாளர் அதைப் பார்த்துவிட்டார்; மறுநாள் மானிட்டர் அவர் மேசைக்கே திரும்பிப் போய்விட்டது. சேர்த்த ரெசல்யூஷன் அக்காவின் கணினியில் அல்லவா இருக்கிறது? அங்கே மறுபடியும் மங்கல்.

"நல்லா இருந்ததை நோண்டிக் கெடுத்துட்டியேம்மா!" என்று அவர் கத்தினார்.

அக்கா வாயைத் திறக்கவில்லை. திறந்தால், அவர் கணினியிலும் சேர்த்துக் கொடுக்கச் சொல்வார்; மானிட்டர் அங்கேயே தங்கிவிடும்.